மொய் நோட்டிலிருந்து மாதத் தவணை வரை: ஒரு வருட அன்பளிப்புக் கணக்கு

தர்மபுரிப் பக்கம் ஒரு குடும்பம் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று வருடத்தில் எத்தனை வீட்டுப் படியேற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். ஆனால் செலவில் பெரும்பகுதியை முன்கூட்டியே எழுதிவிடலாம். அதற்கு வேண்டியது உங்கள் வீட்டு மொய் நோட்டு.

கணக்கை ஆடியில் தொடங்குங்கள். ஆடியில் கல்யாணம் இருக்காது, கொஞ்சம் மூச்சு விடலாம்.

முதல் வேலையாக, உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதிய நோட்டை எடுத்து, இந்த வருடம் யார் வீட்டில் விசேஷம் வரும் என்று தெரிந்ததோ அவர்கள் பெயரை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். பெயரோடு ஊரும் வேண்டும். வெறும் ‘முருகன் 500’ என்று இருந்தால் அது பாலக்கோட்டு முருகனா, பென்னாகரத்து முருகனா என்று பிறகு யாருக்கும் தெரியாது. அவர்கள் செய்த தொகைக்குப் பக்கத்தில் நீங்கள் செய்யப் போகும் தொகையை எழுதுங்கள். செய்ததற்குமேல் கொஞ்சம் கூட்டித்தான் செய்வோம்; ஆனால் எவ்வளவு கூட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். மண்டபத்தில் முன்னால் நிற்பவர் எழுதுவதைப் பார்த்து முடிவு செய்தால் கை தானாக நீளும்.

அடுத்து, நோட்டில் இல்லாதவை: தாய்மாமன் சீர், தீபாவளித் துணி, பொங்கல் சீர், ஆபீஸில் பிறந்தநாளுக்கும் பிரிவு உபசாரத்துக்கும் போடும் பங்கு. கடைசியாக, எதிர்பாராத பத்திரிகைகளுக்கு ஒரு தொகை.

ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரின் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (ஒரு ரூபாய் நாணயங்களை விட்டுவிடுகிறேன்):

ஆவணி – இரண்டு கல்யாணம், 3,000
ஐப்பசி – தீபாவளித் துணி, 6,000
கார்த்திகை – புதுமனை, 1,000
தை – பொங்கல் சீர் 2,000, அக்கா மகன் காதுகுத்து 9,000
வைகாசி – மூன்று கல்யாணம், 4,000
ஆபீஸ் – மாதம் 200, மொத்தம் 2,400
எதிர்பாராதது – 5,000

கூட்டினால் 32,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,700. பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், தையில் மாட்டிக்கொள்வார்கள். ஆடி முதல் தை வரை ஏழு மாதத்தில் சேர்வது 18,900. அதற்குள் போக வேண்டியதோ 22,400. எதிர்பாராத செலவு ஒன்றுகூட வராவிட்டாலும் 3,500 உதைக்கிறது. வருடக் கணக்கு சரியாக இருந்தும் நகை அடகுக்குப் போவது இப்படித்தான்.

அதனால் வருட மொத்தத்தோடு விடாமல், பெரிய செலவு விழும் மாதம் வரை கூட்டிப் பாருங்கள். 22,400-ஐ ஏழால் வகுத்தால் 3,200. தை வரை மாதம் 3,200 போடுங்கள். மாசி முதல் ஆனி வரை மாதம் 2,000 போதும். மொத்தம் அதே 32,400. தீபாவளித் துணியைப் புரட்டாசிக் கடைசியில் எடுத்தாலும் அப்போது கையில் சரியாக 6,000 இருக்கும்.

ஒரு குறை இருக்கிறது. இந்தக் கணக்கில் தை வரை எதிர்பாராததற்குப் பணம் இல்லை. தீபாவளி போனஸில் 2,500-ஐ இதில் போட்டுவிட்டு, மாசியிலிருந்து 2,000-க்குப் பதில் 1,500 போட்டால் அது சரியாகிவிடும்.

காதுகுத்துக்குக் கம்மல் போடுவதாக இருந்தால் அக்காவிடம் கிராமில் பேசாதீர்கள், ரூபாயில் பேசுங்கள். “அரை சவரன் போடுறேன்” என்று ஆடியில் வாய்விட்டால் தை மாத விலைக்கு நீங்கள்தான் பொறுப்பு. அண்ணன் தம்பி இருந்தால் யார் கம்மல், யார் பட்டு என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. கொஞ்சம் சங்கடமான பேச்சுதான், ஆனாலும் மார்கழியில் பேசுவதைவிடத் தேவலாம்.

ஆடித் தள்ளுபடியில் வேட்டி, புடவை வாங்கி வைக்கலாம், தாளில் பெயர் இருப்பவருக்கு மட்டும். ‘யாருக்காவது ஆகும்’ என்று வாங்கியது பீரோவில்தான் கிடக்கும்.

பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே விடாமல், யுபிஐ இணைக்காத வேறொரு கணக்கில் போடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி. இதற்கு ஒத்துவராது, அது 5 வருடக் கணக்கு, நமக்கோ அடுத்த மாதமே எடுக்க வேண்டும்.

விசேஷத்துக்குப் போய்வந்த அன்றே தாளில் செய்த தொகையை எழுதுங்கள். போக முடியாமல் யாரிடமாவது கொடுத்தனுப்பினால், கொண்டுபோனவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மொய் உங்கள் பெயரில் ஏறியதா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனிக் கடைசியில் எதிர்பாராததற்கு வைத்ததில் மிச்சம் இருந்தால் எடுக்க வேண்டாம். அடுத்த ஆடியில் போடும் புதுத் தாளின் முதல் வரவு அதுதான்.