சம்பளத்தைக் குறைத்ததால் வேலையை விடுகிறீர்களா? ராஜினாமாவுக்கு முன் இன்னொரு கடிதம் எழுதுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் வேலையை விடுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள்: 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.' பலருக்கு அந்த வரி அச்சடித்த படிவத்திலேயே இருக்கும், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சம்பளத்தை வெட்டியதால்தான் விலகுகிறீர்கள் என்றால், அந்த ஒரு வரி உங்கள் வழக்கை நீங்களே முடித்துவைத்ததற்குச் சமம். பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் எதைச் சொன்னாலும், நிர்வாகம் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டும்.

நம் நாட்டுச் சட்டத்தில், ராஜினாமா என்றால் தானாக முன்வந்து விலகியது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை, நிர்வாகம் செய்த மாற்றம்தான் என்னை வெளியேற்றியது என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதற்கு ராஜினாமாக் கடிதம் மட்டும் போதாது. அதற்கு முன்னால் எழுதிய ஆட்சேபக் கடிதம்தான் பலமான சான்று. அது இல்லாமல், குறைந்த சம்பளத்தை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டு பிறகு விலகினால், 'ஒப்புக்கொண்டுதானே வாங்கினார்' என்பார்கள்.

ஒரு உதாரணத்தை வைத்தே போவோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலை. அங்கே ஆறு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கும் ஒரு பெண். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 14,500 ரூபாய், வீட்டு வாடகைப்படி 2,500, ஆக 17,000. ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஜூலையில் அவரைப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். ஜூலைச் சம்பளச் சீட்டில் அடிப்படையும் அகவிலைப்படியும் 12,500, வாடகைப்படி 2,000, ஆக 14,500 என்று இருக்கிறது. எழுத்தில் எந்த அறிவிப்பும் கிடையாது, மேற்பார்வையாளர் வாயால் சொன்னதோடு சரி.

படி 1: காகிதங்களை எடுத்து வையுங்கள்

பணி நியமனக் கடிதம், குறைப்புக்கு முந்தைய சம்பளச் சீட்டுகள், குறைத்த பிறகு வந்த சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை வேண்டும். சம்பளச் சீட்டு கம்பெனி செயலியிலோ கம்பெனி மின்னஞ்சலிலோ வந்தால், இப்போதே சொந்த போனில் சேமித்துக்கொள்ளுங்கள். விலகிய மறுநாள் அந்தக் கணக்கு மூடப்பட்டிருக்கும். உங்களுடைய காகிதங்களை மட்டும் எடுங்கள். கம்பெனியின் ஆர்டர் பட்டியலையோ மற்றவர்களின் சம்பள விவரத்தையோ எடுத்தால், புகார் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

பலர் கவனிக்காத ஒரு சான்று பி.எஃப். பாஸ்புக். நம் உதாரணப் பெண்ணின் ஜூன் மாத வரியில் தொழிலாளி பங்கு 1,740 ரூபாய், அதாவது அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த 14,500-இல் 12 சதவீதம். ஜூலை மாத வரியில் அது 1,500. சம்பளம் எந்த மாதத்தில், எவ்வளவு குறைந்தது என்பதை நிர்வாகமே அரசுக் கணக்கில் பதிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை இறக்கி அச்சிட்டு வையுங்கள். மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும் என்பதால், பாஸ்புக்கில் வர கொஞ்சம் தாமதமாகும்.

நியமனக் கடிதத்தைப் பொறுமையாகப் படியுங்கள். 'நிர்வாகம் தேவைப்பட்டால் எந்தப் பிரிவுக்கும் மாற்றலாம்' என்ற வரி அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அது இருந்தால், பேக்கிங் பிரிவுக்கு மாற்றியதை மட்டும் வைத்துச் சண்டை போடுவது கடினம். ஆனால் பிரிவை மாற்றும் அதிகாரத்தில் சம்பளத்தைக் குறைக்கும் அதிகாரம் அடங்காது. ஆகவே உங்கள் கடிதத்தில் சம்பளக் குறைப்பு முதலில் வரட்டும், பணி மாற்றம் இரண்டாவதாக வரட்டும்.

படி 2: சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊதியம், படிகள், வேலை நேரம், ஷிப்ட், தர வகைப்பாடு போன்றவற்றை மாற்ற நினைக்கும் நிர்வாகம், பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தரவேண்டும். அறிவிப்புத் தந்து 21 நாட்களுக்குள் மாற்றத்தைச் செயல்படுத்தக் கூடாது. முன்பு இது 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் 9-ஏ பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அது 40-ஆம் பிரிவு.

இரண்டு இடங்களில் இது கைகொடுக்காது. சங்கத்துடன் போட்ட ஒப்பந்தத்தின்படி நடந்த மாற்றத்துக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. நம் பகுதியில் '12(3) ஒப்பந்தம்' என்று சொல்வார்களே, அப்படி எதுவும் கையெழுத்தாகியிருக்கிறதா என்று சங்க நிர்வாகியிடம் முதலில் கேளுங்கள். இன்னொன்று, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இந்தச் சட்டத்தில் 'தொழிலாளி' ஆகமாட்டார்கள். அவர்கள் ஒப்பந்த மீறல் என்று உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

படி 3: ஆட்சேபக் கடிதம்

குறைந்த சம்பளம் கைக்கு வந்த சில நாட்களுக்குள் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

'நான் தரப் பரிசோதகராக மாதம் ரூ.17,000 பெற்றுவந்தேன். ஜூலை 3 முதல் பேக்கிங் பிரிவில் வேலை தரப்பட்டுள்ளது. ஜூலை மாதச் சம்பளம் ரூ.14,500 மட்டுமே ஆகஸ்ட் 7 அன்று வரவு வைக்கப்பட்டது. இந்த மாற்றங்களுக்கு எனக்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தரப்படவில்லை, நான் சம்மதிக்கவும் இல்லை. குறைத்த ரூ.2,500-ஐ வழங்கி, பழைய ஊதியத்தையும் பணியையும் தொடரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் கொடுக்கப்பட்ட வேலையைச் செய்துவருகிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கோபத்தில் 'பேக்கிங்குக்குப் போகமாட்டேன்' என்று மறுத்தால், கீழ்ப்படியவில்லை என்று குற்றக் குறிப்பாணை வரும். வராமல் நின்றுவிட்டால் வேலையைக் கைவிட்டவர் என்று எழுதிவிடுவார்கள். எழுத்தில் எதிர்த்துக்கொண்டே வேலை செய்வதுதான் பாதுகாப்பு. மேற்பார்வையாளர் கத்தினார், அவமானப்படுத்தினார் என்பதையெல்லாம் இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், தேதியும் தொகையும் அதற்குள் மூழ்கிப்போகும்.

இரண்டு பிரதி எடுத்து, மனிதவள அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேட்டு, பட்டுவாடா ஆனதற்கான சான்றும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசீதைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள்.

படி 4: விலகத்தான் வேண்டுமா?

பாக்கிச் சம்பளத்தைக் கேட்க வேலையை விடவேண்டிய அவசியமே இல்லை. வேலையில் இருந்துகொண்டே உங்கள் பகுதிக்கான தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாகப் போராடவேண்டும். வேறு வேலை கையில் இல்லாதவர் முதலில் மனு கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

விலகுவதென்று முடிவு செய்தால் இழுத்தடிக்காதீர்கள். காரணம் பணிக்கொடை. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குவார்கள். நம் உதாரணத்தில், குறைப்புக்கு முன் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து வந்த 14,500 ரூபாயை வைத்து ஆறு ஆண்டுக்கு 50,192 ரூபாய். குறைத்த பிறகு வந்த 12,500-ஐ எடுத்தால் 43,269. இரண்டு மாதம் குறைந்த சம்பளம் வாங்கியதால் ஆறு ஆண்டுப் பணிக்கொடையிலும் ஏறக்குறைய 6,900 ரூபாய் போகிறது. நிர்வாகம் எந்தக் கணக்கைப் போடும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 5: ராஜினாமாக் கடிதம்

'ஜூலை மாதம் முதல் என் சம்மதமின்றி மாத ஊதியம் ரூ.17,000-இலிருந்து ரூ.14,500 ஆகக் குறைக்கப்பட்டது. தரப் பரிசோதகர் பணியும் மாற்றப்பட்டது. ஆகஸ்ட் 10 தேதியிட்ட என் ஆட்சேபக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. இந்தக் காரணத்தால் மட்டுமே, வேறு வழியின்றி விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத அறிவிப்புக் காலம் முடியும் அக்டோபர் 10 என் கடைசி வேலை நாள். நிலுவை ஊதியத்தையும் பணிக்கொடையையும் குறைப்புக்கு முந்தைய ஊதியத்தின்படி கணக்கிட்டு வழங்கவேண்டும். இது தொடர்பான என் உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.'

'மட்டுமே' என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. சுமுகமாகப் போகட்டும் என்று குழந்தையின் உடல்நிலை, கணவருக்கு மாற்றல் என்று இன்னொரு காரணத்தைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் மேற்பார்வையாளருக்கு 'வீட்டில் பிரச்சினை, அதனால் நிற்கிறேன் அண்ணா' என்று அனுப்புவதும் அதே ஆபத்துதான். கணினியில் காரணப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்து, குறிப்புப் பெட்டியில் 'என் கடிதத்தில் கண்ட காரணம்' என்று எழுதுங்கள். அச்சுப் படிவம் கொடுத்தால், 'சொந்தக் காரணம்' என்ற வரியை அடித்துவிட்டு அதையே பேனாவால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக் காலத்தை முடிந்தவரை வேலை செய்தே கழியுங்கள். உடனே நின்றுவிட்டால், ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

படி 6: கடைசி நாள் கையெழுத்து

கணக்கு முடிக்கும் தாளின் அடியில், 'எனக்குச் சேரவேண்டிய அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருக்கும். குறைவாகத் தந்தாலும் பணத்தை வாங்குவதில் தவறில்லை. கையெழுத்துக்கு மேலே, 'ஆட்சேபத்துடன், ரூ.____ மட்டும் பெற்றேன், மீதிக்கான உரிமை உண்டு' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். எழுதவிடாவிட்டால், அன்று மாலையே அதைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கியைத் தரவேண்டும். பணிக்கொடைக்கு 30 நாள். குறைத்த ஊதியத்துக்கான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். முழுச் சம்பளமும் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பாரம் அந்த வழக்கில் நிர்வாகத்தின் தலையில்தான். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிர்வாகம் ஏற்றவில்லை என்றால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் இணையதளத்தில் `Mark Exit` வழியாக நீங்களே பதியலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்குபவர்கள், உங்கள் பகுதிக்கான மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. போகும்போது இரண்டு கடிதங்களின் பிரதி, தபால் ரசீது, ஜூன், ஜூலை மாதச் சம்பளச் சீட்டுகள், பாஸ்புக் பக்கம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.