தீபாவளி முறுக்கு விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய மூன்று தவறுகள்

ஹட்டன் பக்கத்தில் லயத்து வீட்டிலிருந்து நானும் சித்தியும் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கிறோம். முதல் வருஷம் வாங்கியவர்கள் எல்லாரும் ருசியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் கையில் காசு நிற்கவில்லை. எங்கே தவறினோம் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் தவறு விலையில். அன்று 5 கிலோ மா போட்டோம்: அவித்த கோதுமை மா 4 கிலோ, உளுந்து மா 1 கிலோ. மா, மாஜரின், எள்ளு, ஓமம், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். பைக்கும் ஸ்டிக்கருக்கும் 250. ஆறேகால் கிலோ முறுக்கு வந்தது, கால் கிலோ வீதம் 25 பைக்கட். ஒன்றுக்கு 102 ரூபாய்தான் செலவு, 200க்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம் என்று நினைத்தோம்.

எண்ணெயை நாங்கள் சேர்க்கவே இல்லை. தாச்சியில் இன்னும் எண்ணெய் கிடக்கிறதே, அது செலவாகவில்லை என்று ஒரு நினைப்பு. ஆனால் முறுக்கு எண்ணெயைக் குடிக்கும். அடுத்த முறை, ஊற்றியதையும் மிஞ்சியதையும் அளந்து பார்த்தேன். 5 கிலோ மாவுக்கு ஒன்றே முக்கால் லீட்டர் போயிருந்தது, அன்றைய விலையில் 1,400 ரூபாய். கேஸுக்கு 350. ஆக மொத்தம் 4,300. உடைந்தது அரைக் கிலோ, அதனால் விற்க முடிந்தது 23 பைக்கட்தான், 4,600 ரூபாய். இரண்டு பேர் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை அடுப்படியில் நின்றதற்கு 300 ரூபாய்! விலைகள் இன்று மாறியிருக்கும். ஆனால் எண்ணெயை அளக்காமல் விலை போடாதீர்கள். உடைந்ததைத் தனியாகக் கட்டிக் குறைந்த விலைக்குக் கொடுங்கள், அதுவும் காசுதான்.

இரண்டாவது, முறுக்கு நமத்துப் போவது. நம் பக்கத்தில் இதுதான் பெரிய தலைவலி. தீபாவளி வருவது ஐப்பசி மழையில். பின்னேரம் மழை, அப்புறம் மூடுபனி. ஈரத்துணிகூட லயத்து அறைக்குள்தான் காயும். முறுக்கைச் சூட்டோடு பையில் போட்டால் ஆவி உள்ளேயே நின்று பையின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும். மறுநாள் முறுக்கு வளையும், உடையாது. அதற்குப் பயந்து ராத்திரி முழுக்கத் தட்டில் திறந்து வைத்தாலும் இதே கதைதான், பனியின் ஈரத்தை முறுக்கு இழுத்துக்கொள்ளும்.

நாங்கள் இப்போது செய்வது இது. அடுப்புக்குப் பக்கத்திலேயே கடதாசி விரித்துப் பரப்பி, கையில் சூடு தெரியாமல் போனதும் உடனே தகரப் பேணியில் போட்டு மூடிவிடுவோம். எல்லாம் சுட்டு முடித்து அடுப்படி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பைக்கட் கட்டிவிடுவோம். மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினால் எங்காவது ஊசித்துளை விடும். சீல் மெஷினை இரவல் வாங்கினாவது ஒட்டுங்கள். கனமான பையாக இருந்தால் இன்னும் நல்லது.

அவசரப்பட்டு எடுத்தாலும் நமக்கும். தாச்சியில் நிறையப் போட்டால் எண்ணெய் சூடு இறங்கி வேக நேரமாகும். நெருப்புக் கூடினாலோ வெளியே சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். எண்ணெயில் சலசலப்பு அடங்கி நுரை குறைந்த பிறகே எடுக்க வேண்டும். முதல் ஈடு ஆறியதும் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். நடுவில் மாவு நிறமாகத் தெரிந்தால் அடுத்த ஈட்டுக்கு நெருப்பைக் குறைத்துக் கூடுதல் நேரம் விடுங்கள்.

மூன்றாவது கடன். இங்கே தான் எனக்கு மனசு கஷ்டம், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லாரும் நம் ஆட்கள். "அட்வான்ஸ் வந்ததும் தர்றேன் பிள்ள" என்பார்கள், உண்மையாகத்தான் சொல்வார்கள். ஆனால் தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணம் பிள்ளைகளின் உடுப்புக்கே போய்விடும். பண்டிகை முடிந்த பிறகு அந்த முற்பணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். அப்போது போய் முறுக்குக் காசைக் கேட்டால் கொடுக்க அவர்களிடம் இருக்காது. முதல் வருஷம் எங்களுக்கு 14 பைக்கட் காசு இப்படித்தான் நின்றது. கடைசியில் சண்டை வேண்டாம் என்று விட்டோம்.

அதனால் சுடும் நாளை நாட்காட்டியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. எங்கள் பக்கம் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது. ஒரு வருஷம் சம்பளத்துக்கும் பண்டிகைக்கும் மூன்று கிழமை இடைவெளி, அடுத்த வருஷம் பத்தே நாள். எங்கள் கொப்பியில் இப்போது ஓடர் எழுதும்போதே பாதிக் காசு வாங்குகிறோம். முற்பணம் எந்த நாளில் கொடுக்கிறார்கள் என்று கங்காணியிடம் முதலே கேட்டு, அதற்கு முந்திய இரண்டு நாளில் சுட்டு, காசு கையில் வரும் பின்னேரமே வீடு வீடாகக் கொடுக்கிறோம். மீதிக் காசை அப்போதே தந்துவிடுகிறார்கள், முறுக்கும் மொறுமொறுவென்று இருக்கிறது.