எட்டு வரி ஸ்லைடை நான்கு ஸ்லைடுகளாகப் பிரித்த கதை: படத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டத்தில் டெங்கித் தடுப்பைப் பற்றிப் பேசியபோது, ஒரே ஸ்லைடில் எட்டு வரிகளை அடுக்கியிருந்தேன். ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் முட்டையிடும், முட்டை காய்ந்தாலும் பல மாதங்கள் பிழைத்திருக்கும், 7 முதல் 10 நாட்களில் கொசு பறக்கும், புகையடிப்பு வளர்ந்த கொசுவை மட்டுமே கொல்லும் என்று அது நீண்டது. மக்கள் திரையை வாசித்தார்கள்; என் பேச்சு அவர்கள் காதில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்திற்குள் அதை மாற்றியமைத்த முறையைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் வரிகளைப் பிரித்தல்

பவர்பாயிண்டில் View → Outline View சென்று, தனி ஸ்லைடாக வேண்டிய வரியில் கர்சரை வைத்து Shift+Tab அழுத்தினால், அவ்வரி புதிய ஸ்லைடின் தலைப்பாகிவிடும். Alt+Shift உடன் மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தி, தொடர்புள்ள வரிகளை அதன்கீழ்க் கொண்டுவரலாம். எட்டு வரிகளில் நான்கு கருத்துகளே இருந்தன: வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுதல், பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்தல், புகையடிப்பின் எல்லை, காய்ச்சல் வந்தால் கிளினிக்கிற்குச் செல்லுதல். பகலில் கடிக்கும் என்பது போன்ற மீதி வரிகள் Notes பகுதிக்குச் சென்றன. அவை நான் வாயால் சொல்ல வேண்டியவை.

தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும்

“ஏடிஸ் வாழ்க்கைச் சுழற்சி” என்பது பெயர் மட்டுமே. “வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் கொசு பறக்கும் முன்பே அழிந்துவிடும்” என்பது கருத்து. தலைப்பில் “மற்றும்” வந்தால் அந்த ஸ்லைடை இன்னும் பிரிக்க வேண்டும் என்று பொருள்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்: நான் தடுக்கி விழுந்த இடம்

முதல் முயற்சியில் வரிகளைத் தேர்வு செய்து Convert to SmartArt அழுத்தி, வட்டச் சுழற்சி வடிவத்தை எடுத்தேன். முட்டை, ஜெந்திக் ஜெந்திக் என்று நாம் சொல்லும் புழு, கூட்டுப்புழு, கொசு என நான்கு பெட்டிகள் வட்டமாக அமைந்தன. பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் ஒத்திகை பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, “சரி தம்பி, பூச்சாடித் தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொட்டணும்?” என்று கேட்டார். தலைப்பில் விடை இருந்தும், படம் அதைக் காட்டவில்லை. வட்டம் சொல்வது “இது மீண்டும் மீண்டும் நடக்கும்” என்பதை; என் கருத்தோ கால அளவைப் பற்றியது. கால அளவுக்கு உரியது நேர்கோடு.

ஆகவே, பெட்டிகளை வரையும் முன் தலைப்பு வாக்கியத்தில் எந்த உறவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். நாட்கள் முக்கியமானால் அளவுகோல் போட்ட கோடு. திரும்ப நிகழ்வதுதான் கருத்தானால் வட்டம். ஒன்று செய்யும், மற்றது செய்யாது என்றால் இரு பத்திகள். புகையடிப்புக்கு நான் இரு பத்திகளை வைத்தேன்: இடப்பக்கம் அழியும் கொசு, வலப்பக்கம் நீருக்குள் தப்பிக்கும் புழு.

கோட்டை இப்படி வரைந்தேன். நீண்ட கோடு ஒன்றையும் அதன் இடப்பக்க முனையில் சிறு குறுக்குக்கோடு ஒன்றையும் போட்டு, குறுக்குக்கோட்டை Ctrl+D மூலம் பத்து முறை நகலெடுத்தேன். கடைசி நகலை வலப்பக்க முனைக்கு நகர்த்தி, பதினொன்றையும் தேர்வு செய்து, Align பட்டியலில் முதலில் Align Middle, பிறகு Distribute Horizontally கொடுத்து, அனைத்தையும் ஒன்றாக மேலே நகர்த்திக் கோட்டின் மீது வைத்தால் பத்து நாட்களும் சமமாக அமையும். 0 முதல் 7 வரை நீல நிறம், 7 முதல் 10 வரை மங்கலான சாம்பல் நிறம். நீலம் நீருக்குள் வளரும் காலம், சாம்பல் கொசு வெளிவரக்கூடிய நாட்கள். 7ஆம் நாளில் ஒரு சிவப்புக் கோடு, அதன் மேல் “கொட்டுங்கள்” என்ற ஒரே சொல்.

SmartArt ஐ நான் இப்போது பயன்படுத்துவதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அது எழுத்தைத் தானாகச் சுருக்கி, பின்வரிசைக்குத் தெரியாதபடி செய்துவிடுகிறது. பெட்டிகளை நாமே வரைந்து, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் இரண்டு சொற்கள் வைப்பதே நல்லது. அம்புக்குறியின் முனையைப் பெட்டி விளிம்பிலுள்ள புள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். அது ஒட்டிக்கொண்டால் பெட்டியை நகர்த்தும்போது அம்பும் கூடவே நகரும்.

பின்சேர்க்கை: Outline View இல் வரிகள் எதுவும் தெரியவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். Text Box இல் தட்டச்சு செய்த எழுத்து அங்கே வராது. ஸ்லைடு வடிவமைப்பிலேயே உள்ள பெட்டிகளில் இருப்பது மட்டுமே வரும். அவ்வரிகளை வெட்டி அந்தப் பெட்டியில் ஒட்டிய பிறகு முதல் படியைத் தொடங்குங்கள். கையேடாகவும் கொடுக்க வேண்டியவர்கள் Print இல் Notes Pages என்பதைத் தேர்வு செய்தால், படமும் நீங்கள் நீக்கிய வரிகளும் ஒரே தாளில் வந்துவிடும்.