கார்டு மேலே வரவில்லை என்றால் மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கேமரா ஓய்வே இல்லாமல் உழைப்பது கோயில் திருவிழாக் காலத்தில்தான். பகலெல்லாம் வியர்வைக் கை, மாலையில் மழை, தீமிதிக் குழியிலிருந்து பறக்கும் சாம்பல் எல்லாம் கேமராவுக்கும் சேரும். இரவு வீட்டுக்கு வந்து எஸ்.டி. கார்டை எடுக்க ஒருமுறை அழுத்தினால் 'டிக்' என்று கேட்கிறது, ஆனால் கார்டு மேலே வரவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே, இது அரை மணி நேர வேலையா அல்லது ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்ப வேண்டிய பழுதா என்பது முடிவாகும்.

முதல் தவறு, கார்டை எடுப்பதுதான் அவசரம் என்று நினைப்பது. அவசரம் படங்களுக்குத்தான். கார்டு உள்ளே முழுதாக உட்கார்ந்திருந்தால் அதன் தொடுமுனைகள் கேமராவைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். கார்டுக் கதவை மூடுங்கள். கதவு திறந்திருந்தால் பல கேமராக்கள் ஆன் ஆகாது. பேட்டரி நிறைந்திருக்கட்டும், கேமரா தானாக அணையும் நேரத்தை நீட்டி வையுங்கள். பிறகு யூ.எஸ்.பி. கேபிளால் கணினியில் மாட்டி, DCIM என்ற ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். பழைய யூ.எஸ்.பி. 2.0 இணைப்பில் விநாடிக்கு 30 எம்.பி. வேகம் கிடைத்தால், நிறைந்த 64 ஜி.பி. கார்டுக்கு ஏறக்குறைய 35 நிமிடம் ஆகும். காத்திருங்கள். கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று திரை கேட்டால் சம்மதிக்காதீர்கள். கார்டு அரை மில்லிமீட்டர் விலகி நின்றாலும் கேமரா அப்படித்தான் கேட்கும். நகல் முடிந்ததும் கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கார்டின் மேல் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது தவறுதான் அதிகச் சேதம் செய்கிறது: மேலே வரும் வரை அழுத்திக்கொண்டே இருப்பது. இது ஏன் வீண் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டை உள்ளே தள்ளும்போது அது ஒரு சிறு பிளாஸ்டிக் ஸ்லைடரையும் தள்ளிக்கொண்டு போகிறது. ஸ்லைடருக்குப் பின்னால் ஒரு சுருள் ஸ்பிரிங். பக்கத்தில் இதய வடிவில் வெட்டிய ஒரு வாய்க்கால், அதற்குள் ஓடும் மெல்லிய கம்பி ஒன்று. முதல் அழுத்தலில் கம்பி இதயத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. இரண்டாவது அழுத்தலில் பள்ளத்தை விட்டு விலகி மறுபக்க வாய்க்காலுக்கு நகர்கிறது. அதற்குப் பிறகு ஸ்லைடரை வெளியே தள்ள வேண்டியது ஸ்பிரிங்கின் வேலை. கம்பியின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஆக, 'டிக்' கேட்டும் கார்டு வரவில்லை என்றால் பூட்டு திறந்திருக்க வாய்ப்பு அதிகம். தள்ளுவதற்குத்தான் ஸ்பிரிங்கிடம் பலமில்லை, அல்லது ஏதோ ஒன்று கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திரும்ப அழுத்தினால் திறந்த பூட்டை மறுபடி பூட்டுகிறோம், அவ்வளவே. நகத்தால் ஒரு மூலையில் அழுத்தினால் இன்னும் மோசம்: கார்டு சாய்கிறது, ஸ்லைடரும் சாய்கிறது, கம்பி வாய்க்காலை விட்டு ஏறி வெளியே விழுகிறது. அதன் பிறகு 'டிக்' சத்தமே கேட்காது.

எனவே இழுப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை. நல்ல வெளிச்சத்தில், ஐஸ்கிரீம் குச்சியின் தட்டை முனையால் கார்டின் விளிம்பை நடுவில் நேராக ஒருமுறை அழுத்தி, மெதுவாகக் கையைத் தளர்த்துங்கள். குச்சியைக் கொஞ்சமாவது திருப்பித் தள்ளுகிறதா என்று விரலில் உணருங்கள். தள்ளிவிட்டுப் பாதியில் நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, கார்டைத்தான் எதுவோ பிடித்திருக்கிறது. உள்ளே போகிறது, ஆனால் திருப்பித் தள்ளவே இல்லை என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, கழன்றிருக்கிறது, அல்லது துருவும் அழுக்கும் ஏறி மடங்கிக் கிடக்கிறது. அசையவே இல்லை என்றால் கார்டின் உறை பிளந்து உப்பியிருக்கலாம், அல்லது அடியில் ஏதோ விழுந்திருக்கிறது. இந்த மூன்றாவது வகையை வீட்டில் தொட வேண்டாம்.

முதல் வகைக்கு மிகச் சாதாரணக் காரணம் நாமே ஒட்டிய காகிதம். இரண்டு மூன்று கார்டு வைத்திருப்பவர்கள் எந்தக் கல்யாணம் எந்தக் கார்டில் என்று தெரிய மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வைப்பது வழக்கம். எஸ்.டி. கார்டின் தடிமன் 2.1 மில்லிமீட்டர், ஸ்லாட்டும் அந்த அளவுக்கே செய்தது. மழைக்கால ஈரத்தில் டேப்பின் பசை இளகி, வாய்ப் பக்கத்து ஓரம் தூக்கிக்கொள்கிறது. மீன் செதிலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் முரண்டும் அல்லவா? அதே கதைதான். உள்ளே போகும்போது டேப் படிந்து போகிறது, வெளியே வரும்போது தூக்கிய ஓரம் ஸ்லாட்டின் வாயில் மடங்கி ஆப்பு போல் இறுகுகிறது. இதை இழுக்க இழுக்க இறுகும். கார்டின் சொந்த லேபிளே உரிந்தாலும் இதே கதி. பக்கவாட்டில் இருக்கும், படங்கள் அழியாமல் பூட்டும் 'லாக்' பொத்தான் தளர்ந்து தொங்கினாலும் இப்படித்தான் மாட்டும். ஆனால் அப்போது கார்டு ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து, கோணலாக நிற்கும்.

டேப்புக்கு மருந்து ஒரு பிளாஸ்டிக் நாடா. பள்ளிப் பிள்ளைகள் தாள் செருகும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து 15 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முனையை விரலால் நீவி லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். குச்சியால் கார்டை உள்ளே அழுத்திப் பிடியுங்கள். அப்போது மடங்கிய டேப் கொஞ்சம் தளரும். பிடித்தபடியே, லேபிள் இருக்கும் பக்கத்தில், வளைந்த முனை ஸ்லாட்டின் சுவரை ஒட்டியிருக்குமாறு நாடாவை நுழையுங்கள். கார்டை ஒட்டி நுழைத்தால் நாடா டேப்புக்கு அடியில் போய் இன்னும் தூக்கிவிடும். தொடுமுனை இருக்கும் பக்கத்தில் நாடாவை ஒருபோதும் விடாதீர்கள். அங்கே கேமராவின் மெல்லிய தொடுதகடுகள் நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. லேபிள் எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் கதவின் உட்புறத்திலோ ஸ்லாட் பக்கத்திலோ சின்னப் படமாகப் போட்டிருப்பார்கள். நாடா ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் போனதும் குச்சியை மெதுவாகத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் கார்டைத் தள்ளும், டேப் நாடாவின் அடியில் படிந்தபடி வழுக்கி வரும். நாடாவையும் கார்டையும் சேர்த்தே வெளியே எடுங்கள்.

ஸ்பிரிங் தள்ளவே இல்லையா? அப்போது ஸ்பிரிங்கின் வேலையை நாம் செய்ய வேண்டும், வெளியே இழுக்க வேண்டும். ஆனால் கார்டு ஸ்லாட்டின் வாய்க்குச் சமமாக நிற்கிறது, பிடிக்க இடமில்லை. இந்த இடத்தில்தான் கை குறடையோ இரும்பு இடுக்கியையோ தேடிப் போகும். கூர்முனை கார்டின் உறையைப் பிளக்கும், வழுக்கினால் தொடுதகட்டை வளைக்கும். சூப்பர் குளூவில் குச்சியை ஒட்டி இழுக்கும் யோசனை அதைவிட ஆபத்து. அந்தப் பசை தண்ணீரைப் போல இடுக்கில் ஊறிப் போய்க் கார்டையும் ஸ்லாட்டையும் ஒன்றாக்கிவிடும்.

காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்று போதும். இதன் தடிமன் வழக்கமாக 0.76 மில்லிமீட்டர். 22 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் வரும், எஸ்.டி. கார்டின் விளிம்பை விட மெல்லியது, ஸ்லாட்டின் சுவரைத் தொடாது. பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஈரம் மட்டும் படும்படி தொட்டு, சொட்டாமல், கார்டின் விளிம்பைத் துடைத்துக் காய விடுங்கள். வியர்வை எண்ணெய் இருந்தால் எந்த டேப்பும் பிடிக்காது. துண்டின் முனையில் நல்ல இரட்டைப் பக்க டேப்பை விளிம்பளவுக்கு வெட்டி ஒட்டி, கார்டின் மேல் நேராக வைத்து, பூட்டு விலகும் வரை ஒருமுறை அழுத்தி, அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பிறகு, அழுத்தத்தை விட்டு, சாய்க்காமல் நேராக இழுங்கள்.

இழுக்கும்போது கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் நகர்ந்து, சுவரில் முட்டியது போல் கெட்டியாக நின்றால் கம்பி பள்ளத்தில் மாட்டியிருக்கிறது. மேலும் இழுத்தால் கம்பி வளையும். ஒருமுறை உள்ளே அழுத்தி மறுபடி இழுங்கள். உரசலாக, இறுக்கமாக, ஆனால் நகர்ந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள், தொடருங்கள். டேப் விட்டுவிட்டால் புது டேப் வெட்டி ஒட்டுங்கள். மூன்று முறை முயன்றும் இரண்டு மில்லிமீட்டர்கூட வரவில்லை என்றால் நிறுத்துங்கள்.

எண்ணெய் ஸ்பிரே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு அடிப்பது. அதை ஸ்லாட்டில் அடித்தால் ஸ்பிரிங் வழுக்கலாம். தொடுதகடுகளிலும் எண்ணெய் படியும், அதில் தூசு பிடிக்கும், இன்று வெளியே வந்த கார்டு அடுத்த மாதம் படிக்காது. அரிசிப் பானையில் கேமராவைப் புதைப்பதும் உதவாது: ஸ்லாட்டில் தவிட்டுத் தூசுதான் மிஞ்சும்.

கேமராவின் உடலைத் திருகு கழற்றித் திறக்கும் தவறுக்கு மட்டும் விலை வேறு. உள்ளே ஃபிளாஷ் இருக்கும் கேமராவில் அதற்கான மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே போகாது, கை பட்டால் தூக்கிப் போடும். அதோடு, பல மாடல்களில் ஸ்லாட் மெயின் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பதால் திறந்தும் பயனில்லை. ஸ்லாட் மாற்றுவது பட்டறை வேலை.

கார்டு வந்துவிட்டால் அதைத் திரும்ப அதே ஸ்லாட்டில் போட்டுப் பார்க்கத் தோன்றும். முதலில் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வரப்புகள் இருக்க வேண்டும். ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு ஸ்லாட்டுக்குள் கிடக்கிறது. கேமராவைக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டி, அது விழுந்த பிறகுதான் வேறு கார்டு. வரப்பு உடைந்த கார்டையும், உறை பிளந்த கார்டையும் படங்களை எடுத்துக்கொண்டு தூக்கிப் போடுங்கள். நல்ல கார்டு ஒன்றை, டேப் ஒட்டாததை, பத்து முறை போட்டு எடுத்துப் பாருங்கள். பத்து முறையும் ஒரே வேகத்தில் மேலே வர வேண்டும். ஒருமுறை தயங்கினாலும் ஸ்பிரிங் கெட்டுக்கொண்டு வருகிறது. ஸ்லாட் மாற்றும் வரை கார்டை எடுக்காமல் கேபிளிலேயே படங்களை இறக்கிக்கொள்ளலாம். கல்யாணப் பெயர்களை கார்டுப் பெட்டியின் மேல் எழுதுங்கள், அங்கே எவ்வளவு டேப் ஒட்டினாலும் யாருக்கும் தொல்லையில்லை.