மூளையில் நாடாப்புழுக் கட்டி: சிகிச்சையில் நடக்கும் தவறுகள்

19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எடை 54 கிலோ, வீட்டில் எல்லோரும் சைவம். ஒரு நாள் காலையில் அவருடைய வலது கை விரல்கள் தாமாகவே துடிக்க ஆரம்பிக்கின்றன. துடிப்பு தோள்வரை ஏறுகிறது, பிறகு நினைவு தப்பி உடல் முழுக்க வெட்டி இழுக்கிறது. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு வளையம் தெரிகிறது. வளையத்துக்குள் ஓரமாக ஒரு சிறு புள்ளி, வெளியே கொஞ்சம் வீக்கம். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. நோயின் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்.

இது அபூர்வமான நோய் இல்லை. வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோயாளிகளை வீடு வீடாகத் தேடிக் கண்டறிந்து செய்த ஆய்வில், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுதான் காரணமாக இருந்தது. இருந்தும் இதைச் சுற்றிக் குழப்பம் அதிகம், அதில் சில ஆபத்தானவையும்கூட.

முதல் குழப்பம் ரிப்போர்ட்டைப் படித்ததுமே வரும். “நாங்கள் பன்றிக்கறியைத் தொட்டதே இல்லையே, இது எப்படி?” என்று கேட்பார்கள். சிலர் ரிப்போர்ட்டே தப்பு என்று வேறு இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இந்தப் புழு மனிதனுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு நோய்கள். சரியாக வேகாத பன்றிக்கறியில் உள்ள புழுக்கட்டியைச் சாப்பிட்டால், அது குடலில் சில மீட்டர் நீளமுள்ள நாடாப்புழுவாக வளரும். அப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது, ஆனால் அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டைகள் கழுவாத கை வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ, பச்சையாகச் சாப்பிடும் காய் வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால், குடலில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்த் தங்கும். மூளைக்கட்டி வருவது இந்த இரண்டாவது வழியில் மட்டும்தான். அதற்குப் பன்றிக்கறி தேவையே இல்லை, நாடாப்புழு உள்ள ஒரு மனிதர் எங்கோ இருந்தால் போதும்.

நியூயார்க்கில் பன்றிக்கறியை மதரீதியாகவே விலக்கிய வைதீக யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்தது 1992இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்றில் பதிவாகியிருக்கிறது. விசாரித்துப் பார்த்தபோது, இந்த நோய் பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்கள் வழியாகப் பரவியிருக்கலாம் என்பது தெரிந்தது.

முட்டைக்கோஸ் மேல் விழும் பழியையும் இங்கேயே பார்த்துவிடலாம். கோஸ் இலைக்குள் நெளியும் பச்சைப் புழு மூளைக்குப் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. அது வண்ணத்துப்பூச்சியின் அல்லது அந்துப்பூச்சியின் புழு, அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. நாடாப்புழுவின் முட்டை கண்ணுக்கே தெரியாது. கழிவுநீர் பாயும் நிலத்தில் விளைந்த எந்தக் காயிலும் அது ஒட்டியிருக்கலாம், நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். கோஸ் பொரியலை ஒதுக்கிவிட்டுக் கழுவாத கொத்தமல்லியைப் பச்சையாகத் தூவிச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

வலிப்பு வருவது புழு சாகும்போது

சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் பாதிக்குமேல் இதை அறியாததால் வருபவை. மூளையில் உயிரோடு இருக்கும் புழு, தெளிந்த நீர் நிறைந்த சிறு பையாக இருக்கும். உடலின் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் வித்தை அதற்குத் தெரியும். பல வருடம் அப்படியே சத்தமில்லாமல் கிடக்கும். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் பலருக்கு, நாடு திரும்பிச் சில வருடங்கள் கழித்துத்தான் வலிப்பு வந்தது.

வயதாகியோ மருந்தாலோ புழு சாக ஆரம்பித்ததும் அந்த வித்தை பலிக்காது. உள்ளேயிருக்கும் பொருள்கள் கசிய, எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுகொண்டு தாக்குகிறது. சுற்றியுள்ள மூளைத் திசு வீங்குகிறது. அந்த வீக்கம் பக்கத்து நரம்பணுக்களைத் தூண்டிவிடுவதால் வலிப்பு வருகிறது. ஸ்கேனில் வளையமும் வீக்கமும் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். கடைசியில் கட்டி சுருங்கி மறைந்துபோகும், அல்லது சுண்ணாம்புப் புள்ளியாக இறுகிவிடும்.

நம் மாணவியின் மூளையில் இருப்பது ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு புழு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது இந்த வகைதான். இவற்றில் பல சில மாதங்களில் தாமாகவே கரைந்துவிடும், மருந்து அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், அவ்வளவுதான்.

பூச்சி மாத்திரையை நாமே வாங்கிப் போடுவது

“மூளையில் பூச்சி” என்றதும் வீட்டில் யாராவது மருந்துக்கடைக்குப் போய் அல்பெண்டசோல் வாங்கி வந்துவிடுவார்கள். பள்ளியில் குழந்தைகளுக்கே கொடுக்கும் மாத்திரைதானே என்ற தைரியம். பள்ளியில் கொடுப்பது 400 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை, குடற்புழுவுக்கு. மூளைக்கட்டிக்கு அது போதாது. ஆனால் நிறையக் கட்டிகள் உள்ளவருக்கு, அவை எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் முழு அளவு மருந்து கொடுத்தால், எல்லாப் புழுக்களும் ஒரே சமயத்தில் செத்து மூளை மொத்தமும் வீங்கும். உயிருக்கே ஆபத்து.

2019இல் ஃபரிதாபாத் மருத்துவமனை ஒன்றிலிருந்து 18 வயது இளைஞர் ஒருவரின் ஸ்கேன் படம் மருத்துவ இதழில் வெளியாகிப் பலரையும் அதிர வைத்தது. மூளை முழுக்கக் கட்டிகள், கண்ணிலும் கட்டி. புழுவைக் கொல்லும் மருந்தை மருத்துவர்கள் வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. கொடுத்தால் வீக்கம் கூடும், பார்வையும் போகலாம் என்பதால் ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் மட்டுமே கொடுத்தார்கள். அப்படியும் இரண்டு வாரத்தில் அவர் இறந்துபோனார். நோய் அவ்வளவு முற்றியிருந்தது.

அதனால்தான் மாத்திரை ஆரம்பிக்கும் முன் கண் மருத்துவர் கண்ணின் உட்பகுதியைப் பார்க்க வேண்டும். இதைப் பலர் தேவையில்லாத செலவு என்று தவிர்த்துவிடுகிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் புழு மருந்தால் செத்தால், அங்கே வரும் அழற்சி பார்வையைப் பறித்துவிடும். மூளையின் நீரறைகளில் கட்டி அடைத்து நீர் தேங்கியிருந்தாலும் முதலில் அந்த அழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும், அதற்கு அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம்.

மாணவியின் கண்ணில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். அல்பெண்டசோலின் வழக்கமான கணக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 54 கிலோவுக்கு 810 வரும், ஆகவே காலை 400, இரவு 400. இரண்டு வாரம். எவ்வளவு எடை இருந்தாலும் நாளுக்கு 1200ஐத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் இந்த மருந்து சரியாக உடலில் சேராது. பால், நெய், எண்ணெய் ஏதாவது உள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். பத்தியம் என்று எண்ணெயில்லாத கஞ்சியோடு கொடுப்பவர்கள் மருந்தின் பலனைத் தாங்களே குறைத்துவிடுகிறார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீராய்டை, அதாவது பிரட்னிசோலோனையோ டெக்ஸாமெத்தசோனையோ, பூச்சி மாத்திரைக்கு முன்பே தொடங்குவார்கள். “ஸ்டீராய்டு கெடுதல்” என்று அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. புழு சாவதால் வரும் வீக்கத்தைத் தடுப்பது அந்த மாத்திரைதான். மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் தலைவலியும் வாந்தியும் கூடினால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் போன்ற வலிப்பு மருந்துகள் ரத்தத்தில் அல்பெண்டசோலின் அளவைக் குறைக்கும் என்பதால், ஏற்கெனவே எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் காட்டுவது அவசியம்.

வளையத்தைப் பார்த்ததும் காசநோய் என்று முடிவு செய்வது

நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் வளையமாகவே தெரியும். சந்தேகத்தின் பேரில் மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குள் புழுக்கட்டி தானே கரைந்து, பெயர் மருந்துக்குப் போய்விடும். வேலூர் சி.எம்.சி.யின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் ராஜசேகர், சாண்டி வகுத்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும். கட்டி ஒன்றே ஒன்றுதான், 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளும் அளவு வீக்கம் இல்லை. நோயாளிக்கு வலிப்பு தவிர, நாளுக்கு நாள் கூடும் கை கால் பலவீனமோ, தொடர்ந்த தலை அழுத்தமோ, உடலில் வேறு நோயோ இல்லை. இவை எல்லாம் பொருந்தினால் பெரும்பாலும் புழுக்கட்டிதான். மாணவிக்கு எல்லாமே பொருந்துகின்றன. மாறாக, பல வாரமாகக் காய்ச்சல், எடை குறைவு, 25 மில்லிமீட்டர் கட்டி என்றிருந்தால் காசநோய்ப் பக்கம்தான் தேட வேண்டும். ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது: ஒரே கட்டி உள்ளவர்களில் பலருக்கு அது நெகட்டிவ் என்றே வரும்.

எப்போது நிறுத்துவது

இரண்டு வாரப் பூச்சி மாத்திரை முடிந்ததும் வலிப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். புழு செத்தாலும் வீக்கம் வடிய மாதங்கள் ஆகும், அதுவரை வலிப்பு திரும்பலாம். ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து, கட்டி முழுதாக மறைந்து, இடையில் வலிப்பும் வராமல் இருந்தால், அப்போது மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார். சுண்ணாம்புப் புள்ளி மிச்சமிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் குறைந்தது இரண்டு வருடமாவது வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். அந்தப் புள்ளி எம்.ஆர்.ஐ.யை விட சாதாரண சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்.

அந்தப் புள்ளியைச் சுற்றி வருடங்கள் கழித்தும் சில சமயம் வீக்கம் வந்து வலிப்பு வரும். “புழு மறுபடி வந்துவிட்டது” என்று இன்னொரு சுற்று அல்பெண்டசோல் கேட்பார்கள். அங்கே கொல்வதற்குப் புழுவே இல்லை, வலிப்பு மருந்தைச் சரிசெய்வதுதான் வழி.

மாணவியின் தலைக்குள் இருப்பதைக் கவனித்தவர்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேட்க மறந்துவிடக் கூடாது. மலத்தில் வெள்ளையாக, தட்டையாக, ரிப்பன் துண்டு போல ஏதாவது யாருக்காவது போனதா? வீட்டில் சமைப்பவருக்கு? விடுதியில் தங்கியிருந்தால் அங்கே? மலப் பரிசோதனையை ஒரே நாளோடு முடித்துக்கொள்ளாதீர்கள், முட்டைகள் தினமும் வெளியேறுவதில்லை, வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது. நாடாப்புழு இருப்பது தெரிந்தால், குடலிலிருந்து ரத்தத்தில் அதிகம் சேராத நிக்ளோசமைடு மருந்தை ஒரே வேளையாகக் கொடுப்பார்கள், பெரியவர்களுக்கு 2 கிராம். பரப்பியவர் என்று அவரைத் திட்ட ஒன்றுமில்லை, அவருக்கே அது தெரிந்திருக்காது. கை கழுவாவிட்டால் அடுத்த கட்டி அவர் மூளையிலேயேகூட வரலாம்.