எந்தக் குமார்? போன் தகவலைக் கேட்டுப் பெற்றோருக்கு வார்டன் எழுதும் மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் விடுதி கேட் நோட்டில் வாட்ச்மேன் எழுதி வைத்திருந்த வரி இது: "4.40. குமார் வீட்டிலிருந்து போன். பாட்டிக்கு முடியவில்லை. பையனை உடனே அனுப்பவும்." பேசியவர் யார், எந்த வருடத்துப் பையன் என்று எதுவும் இல்லை. வந்தது பழைய லேண்ட்லைனுக்கு என்பதால் எண்ணும் தெரியவில்லை. விடுதியிலோ செந்தில்குமார், விஜயகுமார், முத்துக்குமார் என்று மூன்று பேர். செந்தில்குமாரின் அப்பா போனை எடுத்து, "நாங்க யாரும் பேசலையே சார்" என்றார். மற்ற இரண்டு வீட்டிலும் எடுக்கவில்லை. அதனால் மெயில் எழுத வேண்டியதாயிற்று.

அவசரத்தில் கை தானாக எழுதுவது இப்படித்தான் இருக்கும்: "ஐயா, பாட்டிக்கு உடல்நிலை சரியில்லை என்று உங்கள் மகன் விஜயகுமாரை அனுப்பச் சொல்லித் தகவல் வந்துள்ளது. சரியா என்று தெரிவிக்கவும்." நான் பார்த்தவற்றில் பெரிய தவறு இதுதான். பதிலையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வேலையிடத்தில் இதைப் படிக்கும் அப்பா, வீட்டில் மனைவிதான் பேசியிருப்பாள் என்று நினைத்து "சரி, அனுப்புங்கள்" என்று ஒரு வரி போட்டுவிடுவார். சம்பந்தமே இல்லாத பையன் இரவு பஸ் ஏறுவான். போக வேண்டியவன் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அதோடு, நன்றாக இருக்கும் ஒரு பாட்டிக்காக ஒரு குடும்பம் பதறிப்போகும்.

நோட்டில் உள்ள விஷயத்தை நாம் வைத்துக்கொண்டு, அதைப் பெற்றோர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். அவர்களாகவே "பாட்டி" என்று எழுதினால்தான் அது உறுதி. நான் கடைசியில் அனுப்பியது இது:

"பொருள்: விடுதிக்கு வந்த போன் பற்றி ஒரு விவரம் தேவை

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். உங்கள் மகன் முத்துக்குமார் தங்கியிருக்கும் விடுதியின் வார்டன் எழுதுகிறேன். மகன் நலமாக விடுதியில் இருக்கிறார். இன்று மாலை 4.40 மணிக்கு 'குமார் வீட்டிலிருந்து' என்று ஒருவர் விடுதிக்குப் போன் செய்தார். அந்தப் பெயரில் சிலர் இருப்பதால் யாருக்கான தகவல் என்று தெரியவில்லை. உங்கள் வீட்டிலிருந்து யாராவது பேசினார்களா? பேசியிருந்தால் அவர் யார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பேசவில்லை என்றால் 'இல்லை' என்று மட்டும் எழுதினாலும் போதும். விடுதி எண்ணுக்கும் கூப்பிடலாம்."

"நலமாக இருக்கிறார்" என்று எழுதும் முன் அறைக்குப் போய்ப் பையனைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்காமல் அந்த வரியை எழுதக்கூடாது. பார்க்கும்போது அவனிடம் பாட்டியைப் பற்றி விசாரிக்கவும் கூடாது. பொருள் வரியில் "அவசரம்: உங்கள் மகன்" என்று போட்டால், மெயிலைத் திறப்பதற்குள் அந்தத் தாய் பாதி உயிராகிவிடுவாள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மெயிலை அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அது வேண்டாம். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியும், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பதும் வெளியே போகும். Bcc-யில் போட்டால் முகவரி மறையும், ஆனால் பையன் பெயரைச் சொல்லி எழுத முடியாது. தனித்தனியாக அனுப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் மெயில் என்ற இடத்தில் பையனுடைய மெயிலே இருக்கும். அப்பாவுக்கு மெயில் இல்லாததால் பிரவுசிங் சென்டரில் அவனே தன் முகவரியைப் போட்டிருப்பான். முகவரியில் பையன் பெயரும் அவன் பிறந்த வருடமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட முகவரியிலிருந்து "அனுப்பவும்" என்று வரும் பதிலை வைத்து அவுட்பாஸில் கையெழுத்துப் போடக்கூடாது. பதிவில் உள்ள அப்பா எண்ணுக்குப் பேசிய பிறகுதான் போட வேண்டும். பதில் மெயிலில் புதிதாக ஒரு எண் கொடுத்திருந்தாலும் பழைய எண்ணுக்கே கூப்பிடுங்கள்.

அன்று விஜயகுமார் வீட்டிலிருந்து "இல்லை" என்று பதில் வந்தது. ஆறேகாலுக்கு முத்துக்குமாரின் அப்பா எழுதினார்: "என் தம்பி பேசியிருக்கிறான் சார். அம்மா பாத்ரூமில் விழுந்துவிட்டார்கள். நான் பஸ்ஸில் இருந்ததால் உங்கள் போன் கேட்கவில்லை." பதிவில் உள்ள எண்ணில் கூப்பிட்டேன், எடுத்தார். விடுதியில் எல்லோரும் அவனை முத்து என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் மட்டும் குமார். வாட்ச்மேனும் நானும் முதலில் விஜயகுமாரை நினைத்தது அதனால்தான். ஏழு மணி பஸ்ஸுக்கு அவனை அனுப்பிவிட்டு, நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் முழுப்பெயர், இன்ஷியல், அறை எண், பேசியது சித்தப்பா என்று எழுதி வைத்தேன்.