உதட்டில் குறுகுறுப்பா? டொரன்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கோல்ட் சோர் பற்றி

டொரன்டோவில் முதல் குளிர்காலத்தில் உதடு வெடிக்காதவர்கள் குறைவு. வெளியே மைனஸ் 15, வீட்டுக்குள் ஹீட்டரின் வறண்ட காற்று. அதனால் உதட்டில் எது வந்தாலும் குளிர்தான் காரணம் என்று வாஸ்லின் தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் அது போதும். கோல்ட் சோர் என்று இங்கே சொல்லும் உதட்டுக் கொப்புளத்தை மட்டும் அப்படி விட வேண்டாம். அதற்கான மாத்திரை நன்றாக வேலை செய்வது கொப்புளம் எழுவதற்கு முந்தைய சில மணி நேரங்களில்தான். கண்ணாடியில் ஒன்றும் தெரியாத நேரம் அது.

அந்த நேரத்தில் தெரிவதெல்லாம் ஓர் உணர்ச்சிதான். உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் விளிம்பில், ஒரு பக்கத்தில், சின்ன இடத்தில் மட்டும் குறுகுறுப்பு. சிலருக்கு ஊசி குத்துவதுபோல, சிலருக்கு மிளகாய் பட்டதுபோல எரிச்சல், சிலருக்கு வெறும் அரிப்பு. சில மணி நேரத்திலோ ஒரு நாளுக்குள்ளோ அந்த இடம் சிவந்து தடிக்கும். பிறகு நீர் கோத்த பொடிக் கொப்புளங்கள் கொத்தாக எழும். இரண்டு மூன்று நாளில் அவை உடைந்து புண்ணாகி, பொருக்குக் கட்டி, மொத்தம் 7 முதல் 10 நாளில் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 என்ற வைரஸ். பல்லி எச்சமோ உடம்புச் சூடோ அல்ல. பலருக்குச் சிறுவயதிலேயே, யாரோ பாசமாகக் கொடுத்த முத்தத்தில் இது தொற்றிவிடுகிறது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உடம்பில் இது இருக்கிறது, ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை உள்ளே வந்த வைரஸ், முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் தங்கிவிடும். காய்ச்சல், தூக்கமின்மை, மாதவிடாய், பல் சிகிச்சை, கடும் வெயில் என ஏதாவது ஒன்று அதை எழுப்பும்போது நரம்பு வழியே உதட்டுக்கு இறங்கி வருகிறது. முதலில் குறுகுறுப்பதும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் வருவதும் அதனால்தான். குளிர்காலத்தில் என்ன வெயில் என்று கேட்கலாம். புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பனிச்சறுக்குக்குப் போய் வந்த சில நாளில் உதட்டில் கொப்புளம் வருவது இங்கே சகஜம். எஸ்.பி.எஃப் 30 உள்ள லிப் பாம் பூசிக்கொண்டு போவது நல்லது.

வாயின் இரு முனைகளில் வரும் வெடிப்பு வேறு கதை. வாயை அகலத் திறந்தால் கிழியும், இட்லி மிளகாய்ப்பொடி பட்டால் உயிர் போகும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். கோடு கோடாகப் பிளந்து, ஓரம் ஊறி வெளுத்திருக்கும். கொப்புளமும் இருக்காது, முன்கூட்டிய குறுகுறுப்பும் இருக்காது. உதட்டை நக்கிக்கொண்டே இருப்பதால் எச்சில் தேங்கி, அதில் பூஞ்சையோ பாக்டீரியாவோ வளர்வதுதான் வழக்கமான காரணம். பல்செட் சரியாகப் பொருந்தாத பெரியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அடிக்கடி வரும். இரும்புச் சத்து, பி12 போன்றவை குறைந்தாலும் வரும். முழுச் சைவம் சாப்பிடுபவருக்கு ஆறி ஆறி வந்தால் ரத்தப் பரிசோதனை கேட்கலாம். கோல்ட் சோர் மாத்திரை இதற்கு எதுவும் செய்யாது.

பருவைக் கண்டுபிடிப்பது எளிது. ஒற்றை மேடு, நடுவில் வெள்ளை முனை, அழுத்தினால் உள்ளே வலி. பரு முடித்துளையில் வருவது, உதட்டின் சிவப்புப் பகுதியில் முடித்துளை கிடையாது. ஆகவே சிவப்பின் மேலேயே கொத்தாக நீர்க் கொப்புளம் என்றால் அதைப் பரு என்று கிள்ளாதீர்கள். விளிம்பில் இருந்தால்தான் குழப்பம். அங்கே முந்தைய நாள் குறுகுறுத்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பேஸ்மென்ட்டில் குடியிருக்கும் தம்பிக்குப் போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிப்ட் முடித்து வந்தவன், மேலுதட்டின் இடது ஓரம் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றான். ஊரிலும் அதே இடத்தில் வந்திருக்கிறது. "டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான் கிடைக்குமாம் அக்கா, அதுவரைக்கும் இதைத் தடவட்டுமா?" என்று பெட்டியில் கொண்டுவந்த ஒரு க்ரீமைக் காட்டினான். ஊரில் எல்லாத் தோல் கோளாறுக்கும் தடவும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அது. இந்த வைரஸ் மேல் அதை மட்டும் பூசினால் தொற்று பெருகலாம். வேண்டாம் என்று பக்கத்து ஃபார்மசிக்கு அனுப்பினேன்.

ஒன்டாரியோவில் 2023 ஜனவரி 1 முதல் கோல்ட் சோருக்கு ஃபார்மசிஸ்ட்டே மருந்துச் சீட்டு எழுதலாம். மாநில அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டை இருந்தால் இந்த ஆலோசனைக்குக் கட்டணமில்லை, மாத்திரைக்கு மட்டும் நீங்களோ உங்கள் இன்சூரன்ஸோ கொடுக்க வேண்டும். அட்டை இல்லாத மாணவர்களும் விசிட்டர் விசாவில் வந்த பெற்றோரும் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபார்மசிஸ்ட் தம்பியிடம் எப்போது தொடங்கியது, முன்பு வந்திருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டார். பிறகு வாலசைக்ளோவிர் கொடுத்தார். 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு உடனே, 12 மணி நேரம் கழித்து இன்னொரு நான்கு. அவ்வளவுதான், ஒரே நாள் மருந்து. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறையும், அதனால் ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிப் போடக்கூடாது.

அவனுக்குச் சின்னதாக இரண்டு கொப்புளம் வரத்தான் செய்தது, ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காய்ந்தது. மாத்திரையிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சராசரியாக ஒரு நாள் போலக் குறைக்கும், வைரஸை உடம்பிலிருந்து விரட்டாது. சீட்டில்லாமல் கிடைக்கும் டோகோசனால் க்ரீமும் உண்டு. குறுகுறுப்பு தொடங்கியதும் ஒரு நாளைக்கு 5 முறை தடவ வேண்டும், பலன் இன்னும் கொஞ்சம் குறைவு. பொருக்குக் கட்டிய பிறகு போனால் இரண்டுமே பெரிதாக உதவாது.

குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து நன்றாக ஆறும்வரை இது ஒட்டும். டம்ளர், துண்டு, லிப் பாம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புண்ணைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், முக்கியமாக கான்டாக்ட் லென்ஸ் போடும் முன். வாய்வழி உறவில் பிறப்புறுப்புக்கும் பரவும். பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் கண்டிப்பு வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு இந்த வைரஸ் உயிராபத்து. உதட்டில் புண்ணோடு வரும் சித்தப்பாவோ பெரியம்மாவோ முத்தம் கொடுக்க வந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று தடுத்துவிடுங்கள்.

கண் சிவந்து வலித்தாலோ கண்ணருகே கொப்புளம் வந்தாலோ ஃபார்மசிக்கு அல்ல, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் டாக்டர்தான். எங்கே போவது என்று புரியாவிட்டால் 811-க்குப் போன் செய்து நர்ஸிடம் கேட்கலாம். வருடத்தில் பல முறை வருகிறதென்றால், குறுகுறுத்த அந்த நிமிடமே போட்டுக்கொள்ளும்படி மாத்திரையை முன்கூட்டியே வீட்டில் வைத்திருக்கச் சீட்டு கிடைக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.